அப்பா அம்மாவின் திருமணநாள் வாழ்த்து: சிரிப்பை எங்கே வைப்பது?



பெற்றோரின் திருமணநாளுக்கு வளர்ந்த பிள்ளை எழுதும் வாழ்த்தைப் பயிற்சியாகக் கொடுத்தால், பல தாள்கள் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்றே தொடங்கும். தவறில்லை. வாழ்த்து பெரியவரிடமிருந்து சிறியவருக்கு வருவதுதானே நம் வழக்கம்! ஆனால் அந்த வரியை எந்த வீட்டுக்கும் அனுப்பலாம். கேலி செய்ய இறங்கினாலோ மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயம்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா. பிறகு ஜெலாப்பாங்கில் வீடு. இது 40ஆவது திருமணநாள். மகளின் முதல் வரைவு:

"அப்பா, நாப்பது வருஷமா அம்மா பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உங்க பொறுமைக்கு விருதே குடுக்கணும்!"

விருந்தில் படித்தால் எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவும்தான். ஆனால் அடி அவர் ஒருவர்மேல் மட்டும் விழுகிறது. அதோடு, இது கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஜோக். அவள் திருத்தி எழுதியது:

"அப்பா, விடியக்காலையில கப்சாய் மோட்டாரைக் கிளப்பி லயத்தையே எழுப்பிடுவீங்க. 'இந்த மனுஷனுக்கு மெதுவா போகவே தெரியாதா'ன்னு அம்மா திட்டுவாங்க. ஆனா, நீங்க திரும்பி வர்றப்போ அதே சத்தம் தூரத்துல கேட்டதும் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிடுவாங்க. திட்டும் நிக்கல, தேத்தண்ணியும் நிக்கல. ரெண்டும் இன்னும் ரொம்ப வருஷம் நடக்கணும்."

இதில் கேலியும் பாசமும் ஒரே மோட்டார்ச் சத்தத்தில் இருக்கின்றன. சத்தத்தை எடுத்துவிட்டால் தேத்தண்ணியும் போய்விடும். உங்கள் வரைவையும் இப்படிச் சோதியுங்கள்: கேலி வரியை நீக்கிய பிறகும் மீதி அப்படியே நின்றால், அது வெளியிலிருந்து ஒட்டியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'இந்த மனுஷன்' என்று மகள் சொல்லவில்லை. அம்மாவின் வாயிலிருந்து மேற்கோளாக வருகிறது. தன் குரலில் அவள் 'எழுப்பிடுவீங்க', 'திட்டுவாங்க' என்று மரியாதைப் பன்மையை விடவே இல்லை. பிள்ளைகள் உரிமையோடு கேலி செய்ய மேற்கோள் நல்ல வழி. தேர்வில் தொடக்கமும் முடிப்பும் எழுத்து வழக்கில் இருக்கட்டும். பேச்சு வழக்கை மேற்கோளுக்குள் வையுங்கள்.

மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒரு சொல்: மணிவிழா. திருமணமாகி 25 ஆண்டு வெள்ளி விழா, 50 பொன்விழா. மணிவிழா என்னும் அறுபதாம் கல்யாணமோ கணவரின் வயதை வைத்து வருவது. திருமணமான ஆண்டுக்கணக்கு அல்ல.

எழுதுமுன் வீட்டின் இன்றைய நிலையையும் பாருங்கள். அப்பாவுக்குக் கண் மங்கி மோட்டாரை விற்றுவிட்டார்கள் என்றால், மேலே உள்ள கேலி அவரைக் குத்தும். அப்போது மகள் கடைசி வரிகளை மட்டும் மாற்றினால் போதும்:

"இப்போ மோட்டார் இல்ல, சத்தமும் இல்ல. ஆனா நீங்க வீடு திரும்புற அந்த நேரம் வந்தா, அம்மா இன்னும் அடுப்பை மூட்டிடுறாங்க."