காலி வரிசை ‘நிரம்பிவிட்டது’ என்று சொன்னால்

ஐந்து எண்களை உள்ளே போட்டாள். ஐந்தையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அடுத்து 60 என்று அடித்ததும் திரையில் `Queue is full` என்று வந்தது. உள்ளே ஓர் எண்கூட இல்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் மாணவர்களோடு இருந்த ஆண்டுகளில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புரோகிராம் ஒழுங்காக கம்பைல் ஆகியிருக்கும். ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய அவுட்புட்டும் சரியாகவே இருக்கும். தவறு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும்.

மருத்துவமனை வாசலில் ஐந்து நாற்காலிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆள் உள்ளே போனதும் மற்ற நால்வரும் எழுந்து ஒவ்வோர் இடம் நகர்ந்து உட்காரலாம். ஐந்து பேருக்கு அது சரி. ஐயாயிரம் பேர் என்றால், ஒருவர் போகும்போதெல்லாம் எல்லோரும் எழ வேண்டும். அதனால் வரிசையில் இருப்பவர்களை அசைக்காமல், ‘அடுத்து யார்’ என்று காட்டும் குறியை மட்டும் நகர்த்துவது நல்லது. அந்தக் குறிதான் `front`. கடைசியாக வந்தவர் எங்கே உட்கார்ந்தார் என்பதைக் காட்டுவது `rear`.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. `rear` கடைசி நாற்காலிக்குப் போய்விட்டால், முன்னால் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் புதிதாக வருபவருக்கு இடமில்லை. கடைசி நாற்காலிக்கு அடுத்தது முதல் நாற்காலி என்று வைத்துக்கொண்டால் வரிசை வட்டமாகிவிடும். நினைவகத்தில் அரே நேர்கோட்டில்தான் இருக்கிறது; `(rear + 1) % MAX` என்ற கணக்குதான் அதை வளைக்கிறது. `MAX` 5 என்றால் இடங்களின் எண்கள் 0 முதல் 4 வரை. 4-க்கு அடுத்து 5. அதை ஐந்தால் வகுத்தால் மீதி 0.

இனி அந்த மாணவியின் புரோகிராமுக்கு வருவோம். தொடக்கத்தில் `front`, `rear` இரண்டும் -1. ‘காலி’ என்பதற்கு அவள் வைத்த அடையாளம் அதுதான். `rear`-க்கு அடுத்த இடம் `front` ஆக இருந்தால் ‘நிரம்பியது’. 10, 20, 30, 40, 50 என்று போட்டதும் `front` 0, `rear` 4. நிரம்பிவிட்டது, சரி. பிறகு ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க `front` 1, 2, 3, 4 என்று நகர்ந்து, ஐந்தாவது எண்ணை எடுத்ததும் சுற்றி வந்து 0 ஆகிறது. `rear` 4-லேயே இருக்கிறது.

நிரம்பியபோது இருந்த அதே 0, அதே 4. கணினிக்குத் தெரிந்தவை இந்த இரண்டு எண்கள் மட்டும்தான். அதனால் அது ‘நிரம்பியது’ என்கிறது. இன்னொன்றை எடுக்கச் சொன்னால், ஏற்கெனவே எடுத்துவிட்ட 10-ஐ மறுபடி தரும். ‘எடுப்பது’ என்றால் குறியை நகர்த்துவதுதான். பழைய எண் அதே இடத்தில் அழியாமல் கிடக்கிறது.

அவள் விட்டுவிட்டது இந்தச் சோதனையை:

```c
item = q[front];
if (front == rear)
    front = rear = -1;
else
    front = (front + 1) % MAX;
```

`front`-உம் `rear`-உம் ஒரே இடத்தைக் காட்டினால், எடுப்பது கடைசி ஆள். அவரும் போனபின் இரண்டையும் -1 ஆக்கினால்தான் காலி என்பது காலியாகவே தெரியும். ஐந்து போட்டு இரண்டை எடுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இந்தப் பிழை வெளிவராது. முழுக்க நிரப்பி, முழுக்க எடுத்து, பிறகு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அவளது கவனக்குறைவு மட்டுமல்ல. `front` ஓரிடத்தில் நிற்கும்போது `rear` இருக்கக்கூடிய இடங்கள் ஐந்துதான். ஆனால் வரிசையில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதற்கு 0 முதல் 5 வரை ஆறு விடைகள் உண்டு. ஆறு நிலைகளை ஐந்து அடையாளங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறாவதாக ஏதாவது வேண்டும். மேலே கண்ட -1 அந்த ஆறாவது. தனியாக ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்வது இன்னொரு வழி. படிப்பவருக்கு எளிதில் புரிவது அதுதான் என்பேன்.

மூன்றாவது வழி, ஓர் இடத்தை எப்போதும் காலியாகவே விட்டுவிடுவது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி இப்படித்தான் செய்தது. நாம் தட்டும் எழுத்துகளைச் சேர்த்துவைக்க அதன் நினைவகத்தில் 16 இடங்கள் கொண்ட வட்ட வரிசை இருந்தது. இரு குறிகளும் ஒன்றாக நின்றால் காலி என்று பொருள். அதைக் காப்பாற்ற ஓர் இடத்தை விட்டுவிட்டதால் அதில் 15 எழுத்துகள்தான் நிற்கும். கணினி வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது நாம் தட்டிக்கொண்டே போனால், பதினாறாவது எழுத்துக்கு ‘பீப்’ என்று ஒலித்து அதைத் தள்ளிவிடும்.