லீவில் இருக்கும்போது யாரைக் கேட்பது?

2008ஆம் ஆண்டில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்வான்சீ நகரில் ஒரு சாலைப் பலகை நடப்பட்டது. கனரக வாகனங்கள் உள்ளே வரக்கூடாது என்று மேலே ஆங்கிலத்தில் இருந்தது. அதையே கீழே வெல்ஷ் மொழியிலும் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அங்கே இருந்த வாசகம் இது: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்."

நகராட்சி ஊழியர்கள் பலகைக்கான வாசகத்தை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் அலுவலகத்தில் இல்லை. அவர் போட்டு வைத்திருந்த தானியங்கிப் பதில் திரும்பி வந்தது. வெல்ஷ் தெரியாதவர்கள் அதைத்தான் மொழிபெயர்ப்பு என்று நினைத்துப் பலகையில் ஏற்றிவிட்டார்கள். வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்ன பிறகே பலகை கழற்றப்பட்டது.

உலகமே சிரித்த இந்தச் சம்பவத்தில் கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. அந்தப் பதில், அதைப் பெற்றவருக்குப் புரியாத மொழியில் இருந்தது. அவசரமென்றால் அடுத்து யாரைக் கேட்பது என்றும் அதில் இல்லை. நம் அலுவலகங்களிலிருந்து வரும் விடுமுறைப் பதில்கள் பலவற்றிலும் இந்த இரண்டாவது குறை இருக்கிறது.

ஓர் உதாரணம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர், பொங்கலுக்காக ஜனவரி 14 முதல் 18 வரை ஊருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும் அவசரத்தில் இப்படி எழுதுகிறார்: "பொங்கலுக்காகக் குடும்பத்துடன் ஊருக்குச் செல்வதால் 18 வரை விடுப்பில் இருக்கிறேன். மின்னஞ்சலை அடிக்கடி பார்க்க இயலாது. அவசரமெனில் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும். சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன்."

மரியாதை இருக்கிறது, தகவல்தான் இல்லை. '18 வரை' என்றால் 18ஆம் தேதி வேலைக்கு வருவாரா, மாட்டாரா? 'அடிக்கடி பார்க்க இயலாது' என்பதைப் படிப்பவர், எப்போதாவது பார்ப்பார் என்று எண்ணிக் காத்திருப்பார். 'அலுவலகம்' என்றால் அங்கே யார்? குடும்பத்தோடு ஊருக்குப் போகும் செய்தியோ, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் வீடு பூட்டியிருப்பதை அறிவிக்கிறது.

அதையே இப்படி மாற்றலாம்:

"வணக்கம். உங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. நான் விடுப்பில் இருக்கிறேன். ஜனவரி 19, திங்களன்று பணிக்குத் திரும்பி உங்களுக்குப் பதில் எழுதுவேன். அதற்கு முன்பு பில், பணம் தொடர்பாகப் பேச வேண்டுமானால் மீனா: accounts@example.com. சரக்கு அனுப்புவது தொடர்பாக ரஃபீக்: dispatch@example.com."

திரும்பும் நாள் கிழமையோடு இருப்பதால் குழப்பமில்லை. எந்த வேலைக்கு யார் என்று பிரித்திருப்பதால் கடிதம் மேசை மேசையாக அலையாது. மாற்று ஆட்கள் இரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் எல்லோருக்கும் ஒரே கடிதம் போய், யாருமே பதில் சொல்லாமல் விடுவார்கள். தனிப்பட்ட கைபேசி எண்ணைவிடப் பிரிவின் பொது முகவரி நல்லது. வெளிமாநில, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்தால், இதே வாசகத்தை ஆங்கிலத்திலும் கீழே சேர்க்க வேண்டும்.

ஜிமெயிலில் Settings பகுதிக்குள் See all settings, General என்று போனால் கீழே Vacation responder இருக்கும். First day, Last day இரண்டிலும் தேதி கொடுத்தால் முதல் நாள் தொடக்கத்தில் அதுவே இயங்கி, கடைசி நாள் முடிவில் நின்றுவிடும். கடைசி நாளை விட்டுவிட்டால் நாமே நிறுத்தும்வரை ஓடும். வேலைக்குத் திரும்பிய பிறகும் 'விடுப்பில் இருக்கிறேன்' என்று பதில் போவது இதனால்தான். ஒருவர் எத்தனை கடிதம் எழுதினாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் போகாது. ஒரு முறை பெற்றவர் நான்கு நாள் கழித்து மறுபடி எழுதினால்தான் அடுத்தது போகும். அவுட்லுக்கில் Automatic Replies என்ற பெயரில் இந்த வசதி உண்டு. அலுவலக இணைப்பில், உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று என இரண்டு பதில்களை அதில் தனித்தனியே எழுதலாம். சக ஊழியரின் நேரடி எண் போன்றவற்றை உள்பதிலில் மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி. மீனாவும் ரஃபீக்கும் அந்த நாட்களில் பணியில் இருப்பார்களா, நிலுவையில் உள்ளவை அவர்களுக்குத் தெரியுமா என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கல் அவர்கள் வீட்டுக்கும் வரும். பிறகு பதிலை இயக்கிவிட்டு, வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பி, திரும்பி வருவதைப் படித்துப் பாருங்கள்.