வேலை நின்றாலும் செலவு நிற்காது

ஒரு வருடத்தில் முடிய வேண்டிய மருத்துவமனைக் கட்டடம் 14 மாதம் இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திருத்திய டிராயிங்கை உரிமையாளர் தரப்பு தராததால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் கட்டட வேலை நின்றது. சிமென்ட்டும் கம்பியும் கூடுதலாகச் செலவாகவில்லை. ஆனால் என்ஜினியர் சம்பளமும் கிரேன் வாடகையும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாள் கணக்கில் ஏறும் இந்த சைட் செலவைத்தான் கான்ட்ராக்டர் கேட்கிறார்.

எந்த இரண்டு மாதச் செலவு? பலரும் கடைசி இரண்டு மாதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது சைட்டில் பெயின்டர்களும் ஒரு சூப்பர்வைசரும்தான் இருப்பார்கள். செலவு மாதம் 4 லட்சம். வேலை நின்ற ஜூனிலோ 9 லட்சம்: ஊழியர் சம்பளம் 4.2 லட்சம், டவர் கிரேன் 2.5 லட்சம், சைட் ஆபீஸ், வாட்ச்மேன், ஜெனரேட்டர், வண்டி எல்லாம் சேர்த்து 2.3 லட்சம். தாமதத்தின் பாதிப்பு நேர்ந்த காலத்துச் செலவைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் கட்டுமானச் சட்ட சங்கம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறை. ஆக, ஜூலையும் அதே அளவு என்றால் கணக்கு 18 லட்சத்தில் தொடங்குகிறது.

அங்கேயே நின்றுவிடாது. சம்பளப் பட்டியலை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், 60,000 ரூபாய் சம்பளக்கார என்ஜினியர் ஒருவர் ஜூலை முழுக்க வேறு சைட்டில் இருந்தது தெரியவருகிறது. அதைக் கழிக்க வேண்டும். அதே ஜூலையில் சுற்றுச்சுவர் கூடுதல் வேலையாகக் கட்டப்பட்டு, அதன் ரேட்டிலேயே சைட் செலவுக்காக 40,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. ஒரே செலவை இரண்டு முறை வாங்க முடியாது. மிச்சம் 17 லட்சம். கிரேனுக்கு வாடகை பில், பணம் கட்டிய வங்கிக் கணக்கு, லாக் புக் மூன்றும் வேண்டும். அது சொந்தக் கிரேன் என்றால் சந்தை வாடகையைக் கேட்பது எடுபடுவது கடினம். தேய்மானமும் பராமரிப்பும்தான் நிற்கும்.

இத்தனை காகிதம் எதற்கு, டெண்டர் தொகையில் இத்தனை சதவீதம் என்று போட்டுவிடலாமே எனச் சிலர் நினைக்கிறார்கள். ஹட்சன் சூத்திரம் போன்றவை தலைமை அலுவலகச் செலவுக்கும் லாபத்துக்கும் வந்தவை. சைட் செலவுக்குப் பில் இருக்கும்போது சூத்திரத்துக்கு வேலையே இல்லை. அந்தச் சூத்திரத்தைக்கூட ஆதாரமில்லாமல் அப்படியே ஏற்கக் கூடாது என்பதை 2023-ல் பாட்லிபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இவ்வளவுக்கும் முன்னால், தாமதம் யாரால் என்பது நிரூபணமாக வேண்டும். அதே நாட்களில் கான்ட்ராக்டரிடம் ஆள் பற்றாக்குறையும் இருந்திருந்தால், நாட்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். பணம் கிடைப்பது சந்தேகம். எனவே வேலை நின்ற அன்றே ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரில் எழுதி எதிர்த்தரப்பு என்ஜினியரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள் நோட்டீசும் அனுப்பிவிடுங்கள்.