அச்சேறுமுன் ஒரு வினா

தூள், தேயிலை, பிஸ்கற்று முதலிய பொருள்களை அடைத்து விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளின்மீது காணப்படும் எழுத்தும் படமும் பெரும்பாலும் உருளைகளைக்கொண்டு அச்சிடப்படுவன. நிறம் ஒன்றுக்கு உருளை ஒன்று. செம்பு பூசிய உருளையில் எழுத்துகளும் படங்களும் நுண்ணிய குழிகளாகச் செதுக்கப்படும். அக்குழிகளில் நிரம்பும் மை பிளாஸ்டிக் தாளில் படியும். ஆறு நிறம் கொண்ட பைக்கு ஆறு உருளைகள் வேண்டும். செதுக்கியபின் ஓர் எழுத்துப் பிழைபட்டிருப்பது தெரியவந்தால், அவ்வெழுத்து இருக்கும் உருளையை மீண்டும் புதிதாகச் செதுக்குதலே பெரும்பாலும் வழியாகும். அச்சும் ஓடி முடிந்திருப்பின், பிளாஸ்டிக் தாள் முழுவதும் வீணாகும்.

இதனாலேயே, உருளை செதுக்குவதற்கு முன்னர் பை செய்பவர் ஒரு சரவைப்படியை வாங்குபவருக்கு அனுப்புகின்றார். அச்சகத்தார் இதனைப் புறூவ் என்பர். இக்காலத்தில் இது மின்னஞ்சல் வழியாகவே வருகின்றது. “பார்த்துச் சரியென்று அறிவிக்கவும்” என்ற ஒரு வரியும் உடன் வரும். அவ்வாறு சரியென்று எழுதிவிட்டால், அதன்பின் வெளிப்படும் பிழைக்கான செலவு வாங்கியவரைச் சாரும் என்பது இத்தொழிலின் பொது வழக்கு. ஆகவே சரவைப்படிக்கு எழுதும் பதில் வெறும் மரியாதைக் கடிதமன்று. அது பொறுப்பைக் கைமாற்றும் பத்திரம்.

ஓர் எடுத்துக்காட்டைக்கொண்டு இதனை நோக்குவோம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, வறுத்த மிளகாய்த்தூள் இடித்து விற்கின்றார்கள் எனக் கொள்வோம். 250 கிராம் தூள் கொள்ளும் பைகளுக்குக் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்திடம் கட்டளை கொடுத்திருக்கின்றார்கள். கட்டளையில் அகலம் 140 மில்லிமீற்றர், நீளம் 200 மில்லிமீற்றர் எனக் குறித்திருந்தது. சரவைப்படி வருகின்றது. நிறம் அழகாயிருக்கின்றது, பெயர் எடுப்பாயிருக்கின்றது. குழுவின் தலைவி உடனே சரியென்று எழுதிவிடவில்லை. அதனை முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டு, கட்டளைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்க்கும்படி செய்கின்றார். மூன்று வேறுபாடுகள் தென்படுகின்றன.

முதலாவது, முகப்பிலே 250 கிராம் என்றும் பின்புறத்தில் 200 கிராம் என்றும் இருக்கின்றது. வேறொரு பைக்காக வரைந்த பழைய வடிவத்தின்மேல் புதிய விவரங்களை ஏற்றும்போது இத்தகைய எச்சங்கள் தங்கிவிடுவதுண்டு.

இரண்டாவது, சேர்மானப் பட்டியலில் தமிழ் எழுத்துகள் இடம்மாறி நிற்கின்றன. ‘வெந்தயம்’ என்னும் சொல்லில் வகரத்துக்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பு, அதற்குப் பின்னே போய் நிற்கின்றது. ‘பெருஞ்சீரகம்’, ‘கொத்தமல்லி’ ஆகியவற்றுக்கும் இதே கதி. தமிழிலே கொம்பு ஒலியால் மெய்க்குப் பின்னது, எழுத்தால் முன்னது. கணினி அதனை ஒலிமுறைப்படியே சேமித்துவைத்து, காட்டும்போதுதான் முன்னே நகர்த்துகின்றது. படம் வரையும் மென்பொருளில் அந்த ஏற்பாடு இயங்காவிடில் கொம்பு பின்னேயே நின்றுவிடும். வரைபவர் தமிழ் அறியாதவராயின் அவர் கண்ணுக்கு இது பிழையாகத் தோன்றாது. ஆதலால் தமிழ் வரிகளைச் சரிபார்த்தல் முழுவதும் வாங்குபவர் தலைமேலதே.

மூன்றாவது, பையின் நீளம் 190 மில்லிமீற்றர் எனக் குறிக்கப்பட்டிருக்கின்றது.

இம்மூன்றும் ஒரே இனத்தனவல்ல. முதலிரண்டும் ஐயமற்ற பிழைகள், திருத்துமாறு சொல்லவேண்டியவை. மூன்றாவது பிழையாகவும் இருக்கலாம், பை செய்பவர் காரணத்தோடு செய்த மாற்றமாகவும் இருக்கலாம். அதனைத் திருத்தச் சொல்வதைக் காட்டிலும் வினவுவதே முறை. “நீளம் சரிதானா?” என்று மட்டும் கேட்டால் “சரி” என்ற பதிலே வரும், எது சரியென்பது விளங்காது. ஆதலின் தலைவி பின்வருமாறு எழுதுகின்றார்:

“ஐயா, தாங்கள் அனுப்பிய முதலாம் சரவைப்படி கிடைத்தது. இதற்கு இன்னும் சம்மதம் தரவில்லை. உருளை செதுக்கத் தொடங்கவேண்டாம். ஒன்று: பின்புறம், கீழிருந்து இரண்டாம் வரியில் 200 கிராம் என்றிருப்பது 250 கிராம் என்றிருத்தல் வேண்டும். இரண்டு: சேர்மானப் பட்டியலில் மூன்று சொற்களில் கொம்பு இடம்மாறியுள்ளது. சரியான வடிவத்தைப் படமாக இணைத்துள்ளோம். எழுத்துகள் அதைப்போலவே தோன்றவேண்டும். மூன்று: எமது கட்டளையில் நீளம் 200 மில்லிமீற்றர், சரவைப்படியில் 190. இது தாங்கள் அறிந்து செய்த மாற்றமா? ஆயின் காரணத்தையும், ஒட்டும் விளிம்பு இந்த 190இல் அடங்குமா என்பதையும் அறிவிக்கவும். அன்றேல் 200 எனத் திருத்தவும். இவையன்றி வேறு எதனையேனும் கட்டளையிலிருந்து மாற்றியிருப்பின் அதனையும் தெரிவித்து, இரண்டாம் சரவைப்படி அனுப்புக.”

ஒவ்வொரு குறிப்பிலும் இடம், இருப்பது, இருக்கவேண்டியது என்னும் மூன்றும் இருப்பதைக் காணலாம். தமிழ் வரியைத் தட்டெழுதி அனுப்பாமல் படமாக அனுப்பியதற்கும் காரணமுண்டு. தட்டெழுதி அனுப்பினால் அது மீண்டும் அதே மென்பொருளில் புகுந்து அதே விதமாகக் குலைந்துபோகக்கூடும்.

பதில் வருகின்றது. நீளம் அறிந்தே மாற்றப்பட்டது. நிறுவனத்திடம் 570 மில்லிமீற்றர் சுற்றளவுள்ள உருளைகள் இருக்கின்றன; அதில் பைகள் மூன்று அமையும்; ஆகவே ஒன்று 190. ஒட்டும் விளிம்பும் அதனுள் அடக்கம். வினவியிராவிடில் இந்தச் செய்தி வெளிவந்திராது.

இனி முடிவு குழுவினுடையது. அவர்கள் அச்சிடாத பையொன்றை 190 மில்லிமீற்றராக வெட்டி, 250 கிராம் தூளை நிரப்பிப் பார்க்கின்றார்கள். தூள் ஒட்டும் விளிம்பை எட்டிவிடுகின்றது. விளிம்பினிடையே தூள் படிந்தால் பிளாஸ்டிக் தாள்கள் செவ்வையாக ஒட்டமாட்டா. அவ்வழியே ஈரக்காற்றுப் புகுந்து தூள் கட்டிபடும். ஆகவே 600 மில்லிமீற்றர் சுற்றளவுள்ள உருளையிலேயே செய்யவேண்டுமென எழுதுகின்றார்கள். அதனால் விலை மாறுமா என்பதையும் அப்பொழுதே கேட்டுக்கொள்கின்றார்கள்.

இரண்டாம் சரவைப்படி வந்தவுடன், சொன்ன மூன்று இடங்களை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுதல் பலர் செய்யும் தவறு. ஓரிடத்தைத் திருத்தும்போது மற்றோரிடம் அசைந்துவிடுவதுண்டு. இங்கும், கொம்புகள் சரியான இடத்துக்கு வந்தன. ஆனால் புதிய எழுத்துரு சற்று அகன்றதாகையால் பட்டியல் ஒரு வரி நீண்டு, காலாவதித் திகதி பொறிப்பதற்கென விட்ட வெற்றிடத்தினுள் இறங்கியிருந்தது. முழுவதையும் மீண்டும் வாசித்ததனாலேயே அது கண்ணிற்பட்டது. அவ்வெழுத்தைச் சிறிது ஒடுக்கி மூன்றாம் சரவைப்படி வந்தது.

காகிதத்திலோ கணினித் திரையிலோ நோக்கும் நிறம் பிளாஸ்டிக் தாளில் அவ்வண்ணமே தோன்றாது. எனவே சரவைப்படி எழுத்துக்கும் அளவுக்கும் இடத்துக்குமே சாட்சி. நிறத்துக்கு, பிளாஸ்டிக் தாளிலேயே அச்சிட்ட துண்டொன்றைத் தனியே கேட்டுப் பெறவேண்டும்.

இறுதிச் சம்மதத்தைத் தொலைபேசியில் வாய்மொழியாகத் தருதல் நன்றன்று. மூன்று சரவைப்படிகள் இருவரிடமும் இருக்கையில் “சரி” என்ற சொல் எதனைச் சுட்டுகின்றது என்பது பின்னர் வழக்காகும். தலைவி எழுதிய வரி இதுவே: “மூன்றாம் சரவைப்படியை மட்டும் ஏற்கின்றோம்; முதலிரண்டும் தள்ளுபடி. அச்சிடலாம்.” அந்தச் சரவைப்படியைக் காகிதத்தில் அச்சிட்டு, கையொப்பமும் திகதியுமிட்டுத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பைகள் கட்டுக்கட்டாக வந்திறங்கும் நாளில், முதற் பையை ஒப்புநோக்குவதற்கு உரிய அளவுகோல் அதுவே.