பீர் அடிச்சிட்டு ஸ்டீம் ரூமுக்குப் போகலாமா?

வீக்கெண்ட் ரிசார்ட்டில் 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், அடுத்து ஸ்டீம் பாத். 'வியர்த்தா போதை இறங்கிடும்' என்று நினைக்கிறீர்களா? இறங்காது. 8% பீர் என்றால் அதில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். அதாவது 4 முதல் 6 மணி நேரம் ஆகும். வியர்வையில் வெளியேறுவது மிகக் கொஞ்சம்.

சூட்டில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும். ரத்த அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். மதுவும் குழாய்களை விரிக்கும். சிறுநீரும் அதிகம் போகும், வியர்வையும் கொட்டும் என்பதால் உடலில் நீர் வற்றும்.

ஆபத்தான நொடி எது தெரியுமா? எழுந்து நிற்கும்போதுதான். ரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயங்கி விழலாம். உள்ளேயே மயங்கினால் உடல் சூடேறிக்கொண்டே போகும். தலைசுற்றல் என்ற எச்சரிக்கையையும் போதை மறைத்துவிடும்.

சானாவின் தாயகமான பின்லாந்தில், சானாவில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது சுமார் பாதிப் பேர் குடித்திருந்தது தெரிந்தது.

எனவே முதலில் ஸ்டீம், பிறகு தண்ணீர், உடல் ஆறிய பிறகே மற்றவை. பிபி மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் சேர்க்கவே கூடாது. படபடப்பு, நெஞ்சுவலி வந்தால் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள்.