மில்லிமீட்டர் வரைபடமும் இன்ச் டேப்பும்

கட்டட வரைபடங்களில் அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கும். தமிழ்நாட்டுத் தச்சர்கள் பலரின் கணக்கோ இன்ச்சும் நூலும்தான். ஓர் இன்ச்சுக்கு எட்டு நூல். ஓர் இன்ச் என்பது மிகச் சரியாக 25.4 மி.மீ. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் 1959இல் ஏற்ற அளவு இது. மனக்கணக்கு எளிதாகட்டும் என்று இதை 25 ஆக்கினால், 1800 மி.மீ. உயர அலமாரி 72 இன்ச் என வரும். உண்மை அளவு 70 இன்ச் 7 நூல்தான். ஓர் இன்ச்சுக்கு மேல் பிசகினால் அலமாரி அதற்கென விட்ட இடத்தில் நுழையாது.

அந்த அலமாரியில் 450 மி.மீ.க்கு ஒரு தட்டு வரவேண்டும் என்று கொள்வோம். 450ஐ 25.4ஆல் வகுத்தால் 17.7165. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: புள்ளிக்குப் பின் வரும் 7, ஏழு நூல் அன்று. 17ஐத் தனியே எடுத்துவைத்து, மிஞ்சிய 0.7165ஐ எட்டால் பெருக்கினால் 5.73 நூல் கிடைக்கும். டேப்பில் அரை நூல், அதாவது பதினாறில் ஒரு பங்கு வரை கோடு உண்டு. 5.73க்கு மிக அருகில் இருப்பது ஐந்தரை நூல். ஆக, அளவு 17 இன்ச் ஐந்தரை நூல். சரிபார்க்க, 17.6875ஐ 25.4ஆல் பெருக்கலாம்; 449.26 மி.மீ. வரும். குறைவு முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

ஒரு தட்டுக்கு இது பொருட்டில்லை. ஆனால் இதே அளவை நான்கு முறை அடுத்தடுத்து வைத்தால் 70 இன்ச் 6 நூலில் முடியும். ஒரு நூல் காணாமல் போயிருக்கும். எனவே ஒவ்வொரு கோட்டையும் கீழ் விளிம்பிலிருந்தே கணக்கிட வேண்டும். 450, 900, 1350, 1800 ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றினால் 17 இன்ச் ஐந்தரை நூல், 35 இன்ச் மூன்றரை நூல், 53 இன்ச் 1 நூல், 70 இன்ச் 7 நூல் என்று வரும். இடைவெளிகளுக்குள் அரை நூல் கூடும், குறையும். ஆனால் எந்தக் கோடும் 0.8 மி.மீ.க்கு மேல் விலகாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கதவுகளில் அந்த அரை நூல் கண்ணில் பட்டுவிடும் என்பதால், அவற்றை மட்டும் டேப்பின் மில்லிமீட்டர் பக்கத்திலேயே அளப்பது நல்லது.

பலகையின் தடிமனிலும் கவனம் தேவை. 18 மி.மீ. பிளைவுட்டைப் பேச்சில் முக்கால் இன்ச் என்பார்கள். முக்கால் இன்ச் என்றால் 19.05 மி.மீ. வெளி அகலம் 900 மி.மீ. உள்ள பெட்டியில் இரு பக்கப் பலகைக்கும் 36 கழித்தால் உள்ளகலம் 864 மி.மீ., அதாவது 34 இன்ச். முதலில் இன்ச்சுக்கு மாற்றிவிட்டு ஒன்றரை இன்ச்சைக் கழித்தால் 33 இன்ச் ஏழரை நூல்தான் வரும். அந்த அளவில் அறுத்த தட்டு அரை நூல் குட்டையாகி, ஓரத்தில் இடைவெளி தெரியும். கழித்தலை மில்லிமீட்டரிலேயே முடித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒருமுறை இன்ச்சுக்கு மாற்றினால் இந்தப் பிசகு வராது.