ஒரு நிமிட அறிமுக வீடியோ: எதைச் சொல்வது, எதை விடுவது?

தனியார் வேலைக்கு விண்ணப்பித்தால், "உங்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசி வீடியோ அனுப்புங்க" என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரிலிருந்து ஒருவர் ஒரகடத்துக்கு நேரில் போய்வர ஒரு நாள் ஆகிவிடும். அந்த நாளை மிச்சப்படுத்துவது இந்த ஒரு நிமிடம்தான்.

நிதானமாகத் தமிழில் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொற்கள் வரும். அதனால் 70 சொற்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். பயோடேட்டாவில் இருப்பதையே திரும்ப ஒப்பிக்க வேண்டாம். செய்த வேலை ஒன்றைச் சொன்னால் போதும். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒருவர் தர ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஊர், படிப்பு சொன்ன பிறகு அவர் இப்படிப் பேசலாம்:

"ஆறு மாதம் ஒரு பம்பு பட்டறையில் பயிற்சியில் இருந்தேன். லேத்திலிருந்து வரும் தண்டுகளை வெர்னியர் காலிப்பரில் அளந்து எழுதுவது என் வேலை. ஒருநாள் தண்டின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதைக் கவனித்து மேற்பார்வையாளரிடம் சொன்னேன். வெட்டும் டூல் தேய்ந்திருந்தது, மாற்றினார்கள். உங்கள் தர ஆய்வுப் பிரிவில் ஷிப்டு வேலை பார்க்கத் தயார்."

"நான் கடின உழைப்பாளி" என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? யாரும் சொல்லக்கூடிய வரி அது. தண்டு விஷயம் அவர் மட்டுமே சொல்லக்கூடியது.

முழுவதையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் நின்றுவிடும். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் அப்படியே இருக்கட்டும். தாளைப் பார்த்துப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது நன்றாகவே தெரியும்.

வேறு மாதிரி கேட்காவிட்டால் போனைப் படுக்கை வாட்டில், கண் உயரத்தில் வையுங்கள். நாலு புத்தகம் அடுக்கினால் ஸ்டாண்டு ரெடி. தலைக்கு மேல் சிறிது இடம் விட்டு, மார்பு வரை தெரியட்டும். ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். செஞ்சிக் கோட்டைப் பின்னணி அழகுதான், ஆனால் மலைக் காற்று மைக்கில் இரைந்து பேச்சை விழுங்கிவிடும். பேசும்போது திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைப் பாருங்கள்.

ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, சாதி, மதம், திருமண விவரம், குடும்பக் கஷ்டம் எதுவும் வேண்டாம். வீடியோ யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. சான்றிதழைக் கேமராவில் காட்டுவதும் கூடாது, அதிலேயே பாதி விவரம் இருக்கிறது. பின்னணி இசை, பில்டர் இரண்டும் தேவையில்லை.

அனுப்பும் முன் வேறொருவர் போனில், ஹெட்போன் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பெயரும் ஊரும் முதல் தடவையே அவருக்குப் புரியவில்லை என்றால் திரும்ப எடுக்க வேண்டியதுதான். பைல் பெரிதாக இருந்தால் கேமரா அமைப்பில் 1080p-க்குப் பதில் 720p வைத்து எடுங்கள்.